ஆர்டர் நம்பர் மறந்துபோச்சே!

எங்கள் வீடு ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்புறத் தெருவில் இருக்கிறது. மிளகாய்த்தூள் அரைக்கவும் ரேஷனுக்கும் நடந்தே போய் வந்த நான், இப்போது கிரைண்டரையே வீட்டு வாசலில் வாங்கிக்கொள்ளும் காலத்துக்கு வந்துவிட்டேன். பெங்களூரில் இருக்கும் என் மகள், "அம்மா, பழைய கிரைண்டரோட மல்லுக்கட்டாதே" என்று சொல்லி, அவள் போனிலேயே ஆர்டர் போட்டு, இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றை அனுப்பி வைத்தாள். விலை 4,650 ரூபாய்.

வந்தது வெள்ளிக்கிழமை. நான் பிரித்துத் துடைத்து அலமாரி மேல் வைத்ததோடு சரி. அடுத்த வியாழக்கிழமை இரவுதான் இட்லிக்கு அரிசி போட்டேன். பத்து நிமிஷம் ஓடியிருக்கும், மேடையெல்லாம் மாவுத் தண்ணீர்! பாத்திரத்தின் அடிப்பக்கம் மெல்லிய விரிசல். மறுநாள் காலை மகளுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. ஆபீஸ் நேரத்தில் அவள் எடுக்க மாட்டாள் என்று தெரியும். ஆனால் பொருளைத் திருப்ப ஏழு நாள்தான் கெடு என்று அவள் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. அன்றுதான் ஏழாவது நாள்.

சரி, நாமே பேசிவிடுவோம் என்று போனில் அந்தக் கடையின் பெயரையும் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்பதையும் தேடினேன். முதலில் வந்த எண்ணை அழுத்தினேன். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள்!

"வணக்கம் மேடம், கஸ்டமர் கேர். என்ன பிரச்னை?"

"தம்பி, கிரைண்டர் விரிசல் விட்டு வந்திருக்கு. திருப்பணும். ஆனா ஆர்டர் நம்பர் எங்கிட்ட இல்லையே..."

"நம்பரெல்லாம் வேண்டாம் மேடம், பரவாயில்லை. பணம் உடனே ரீஃபண்ட் பண்ணிடலாம். உங்க போன்ல ஒரு சின்ன ஆப் போட்டுக்குங்க. நான் இங்கேர்ந்தே பார்த்துச் செஞ்சு தர்றேன்."

என்ன மரியாதை, என்ன வேகம்! எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அவர் சொன்ன ஆப்பை இறக்கினேன். அதில் வந்த ஒன்பது இலக்க எண்ணைப் படிக்கச் சொன்னார். படிக்க வாயெடுத்த நேரம், எதிர்வீட்டு மருமகள் கறிவேப்பிலை கேட்டு உள்ளே வந்தாள். போரூர் பக்கம் ஒரு கால் சென்டரில் இரவு ஷிப்ட் வேலை பார்க்கும் பெண் அவள். போனில் அந்தக் குரல், "நம்பரைச் சொன்னதும் அஞ்சு ரூபா அனுப்பி வெரிஃபை பண்ணணும் மேடம், உங்க யு.பி.ஐ. பின் போட்டுருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, கட் பண்ணுங்க!" என்றாள். நான் திகைத்து நின்றேன். அவளே போனை வாங்கி, பேச்சைத் துண்டித்து, அந்த ஆப்பையும் நீக்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

ஏன் நிறுத்தச் சொன்னாள்?

"ஏம்மா, நல்லாத்தானே பேசினான்?" என்றேன்.

"அதுதான் ஆன்ட்டி சந்தேகம். ஆர்டர் நம்பர் இல்லாம நாங்க ஒரு அடி நகர முடியாது. எங்க கம்ப்யூட்டர் திரையில ஏதாவது ஒரு அடையாளம் போட்டாத்தான் உங்க ஆர்டரே எங்க கண்ணுக்குத் தெரியும். அவன் திரையிலே ஒண்ணுமே இல்லை. அதனாலதான் அவனுக்கு நம்பர் தேவைப்படலை."

நான் வாயடைத்துப் போனேன். நம்பர் கேட்டுத் தொந்தரவு செய்பவள் நிஜம்; "பரவாயில்லை" என்பவன் பொய்! நாம் இத்தனை நாள் தலைகீழாக அல்லவா நினைத்திருந்தோம்?

அவள் மேலும் விளக்கினாள். அந்த ஆப் நம் போன் திரையை அப்படியே இன்னொருவர் பார்க்க வைக்கும் ஆப். ஒன்பது இலக்க எண்ணைச் சொல்வது வீட்டுச் சாவியைக் கொடுப்பது மாதிரி. அதற்குப் பிறகு வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. செய்தியும், நாம் தட்டும் எழுத்துகளும் அவன் கண்ணில் படக்கூடும். அடுத்தது யு.பி.ஐ. பின். அந்தப் பின் நாம் பணம் அனுப்பவும், இருப்பு எவ்வளவு என்று பார்க்கவும்தான். பணம் *பெறுவதற்கு* எந்தக் காலத்திலும் பின் வேண்டாம். "பணம் தர்றேன், பின் போடுங்க" என்று ஒருவர் சொன்னால், பணம் போகிற திசை நம்மிடமிருந்து அவரிடம்தான்.

"ஆனா நம்பர் முதல்லயே வந்துச்சேம்மா?" என்று கேட்டேன். மோசடிக்காரர்கள் பெரிய கம்பெனிகளின் பெயரில் பொய் நம்பர்களை இணையத்தில் பரப்பி வைக்கிறார்களாம். தேடினால் அதுவும் முன்னால் வந்துவிடுகிறது. கம்பெனியின் சரியான எண் கிடைக்கும் இடங்கள் மூன்று: பெட்டிக்குள் வந்த பில், பொருளோடு வந்த உத்தரவாத அட்டை, ஆர்டர் போட்ட அதே ஆப்பில் இருக்கும் உதவிப் பகுதி. தேடுபொறி அந்த மூன்றில் சேர்த்தி இல்லை.

நிஜமான கால் சென்டரில்...

பெட்டியைத் தேடினேன். பரணில் இருந்தது. ஆனால் பெட்டி மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் பேத்தி பாதி கிழித்து விளையாடியிருந்தாள். பில் மட்டும் உள்ளே மடித்துக் கிடந்தது. அதில் இருந்த எண்ணைப் போட்டோம்.

இந்த முறை ஒரே மணியில் யாரும் எடுக்கவில்லை. 'தமிழுக்கு இந்த எண்ணை அழுத்தவும்' என்றது. 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்றது. ஐந்து நிமிஷம் வாத்தியம் வாசித்தது. பிறகு ஒரு பெண் குரல், தன் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னது. எதிர்வீட்டுப் பெண் ஸ்பீக்கரில் போடச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"உங்க ஆர்டர் நம்பர் சொல்லுங்க மேடம்."

"அது ஞாபகம் இல்லம்மா. இருங்க, பில்லுல ஒரு நம்பர் இருக்கு..." என்று படித்தேன்.

"மேடம், அது இன்வாய்ஸ் நம்பர். அதை வச்சு என்னால தேட முடியலை. ஆர்டர் ஐடின்னு வேற ஒண்ணு போட்டிருக்கும் பாருங்க."

பார்த்தேன். அந்த இடத்தில்தான் மாவுத் தண்ணீர் பட்டு எழுத்து கலைந்திருந்தது!

"தெரியலையேம்மா, ஈரமாயிடுச்சு."

"பரவாயில்லை மேடம், வேற வழியிலே பார்க்கலாம்." (இவளும் 'பரவாயில்லை' என்கிறாளே என்று ஒரு கணம் பயந்தேன். ஆனால் இவள் வேறு வழியில் *கேட்டாள்*.) "ஆர்டர் போட்ட மொபைல் நம்பர் சொல்லுங்க."

என் நம்பரைச் சொன்னேன். அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"இந்த நம்பர்ல அக்கௌண்டே இல்லையே மேடம்."

"எப்படிம்மா இல்லாம போகும்? பொருள் என் வீட்டுக்குத்தானே வந்தது? டெலிவரிப் பையன் என் போனுக்குத்தானே கூப்பிட்டான்?"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெண் என் கையைத் தொட்டு, மெல்லிய குரலில், "உங்க மகள் போன்ல போட்டதில்லையா ஆன்ட்டி? டெலிவரிக்கு உங்க நம்பரைக் கொடுத்திருப்பாங்க. ஆனா அக்கௌண்ட் அவங்களது" என்றாள். அப்போதுதான் விளங்கிற்று. பொருள் யார் வீட்டுக்குப் போனது என்பது வேறு. யார் கணக்கிலிருந்து போனது என்பது வேறு. தேடுவது இரண்டாவதை வைத்து.

மகளின் நம்பர் எனக்கு மனப்பாடமா என்ன? போனில் பெயரை அழுத்திப் பழகிவிட்டோம். இரண்டு இலக்கம் தடுமாறியது.

"அம்மா, பெட்டி மேல ஒட்டியிருந்த காகிதம் இருக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண். மேடம் போய் அம்மா வந்துவிட்டது, கவனித்தீர்களா?

"பாதிதான் இருக்கு. கறுப்புக் கோடு கோடா இருக்கே, அதுக்குக் கீழே ஒரு நீள நம்பர்."

"அதுதான் கூரியர் நம்பர். அதைச் சொல்லுங்கம்மா, மெதுவா."

சொன்னேன். இரண்டு தரம் திருப்பிப் படித்துச் சரிபார்த்தாள். அரை நிமிஷம் மௌனம்.

"கிடைச்சிருச்சும்மா. ஆர்டர் யார் பேர்ல இருக்கு?"

மகள் பெயரைச் சொன்னேன்.

"டெலிவரி பின்கோடு?"

"600056."

"என்ன பொருள், எவ்வளவு தொகை?"

"கிரைண்டர். 4,650 ரூபா."

"நன்றிம்மா. சரியா இருக்கு. என்ன குறைன்னு சொல்லுங்க."

இத்தனை கேள்வி எதற்கு என்று எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. "ஏம்மா, நீங்க திரையிலே பார்த்துட்டு என்கிட்டயே கேக்கறீங்களே?" என்றும் கேட்டுவிட்டேன்.

"நான் சொல்லி நீங்க 'ஆமா' சொன்னா, யார் வேணும்னாலும் ஆமா சொல்லலாமே அம்மா. நீங்களா சொன்னாத்தான் இது உங்க பொருள்னு எனக்குத் தெரியும்."

நியாயம்தானே! நாளைக்கு வேறு யாரோ நம் பெயரில் பேசி, நம் பொருளைத் திருப்பச் சொன்னால் என்ன ஆவது?

விரிசலைச் சொன்னேன். புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னாள். பணம் வேண்டுமா, வேறு கிரைண்டர் வேண்டுமா என்று கேட்டாள். "பணம்னா எந்த அக்கௌண்டுக்கும்மா வரும்?" என்றேன்.

"எதிலேர்ந்து கட்டினாங்களோ அதுக்கே திரும்பிப் போகும். நீங்க எதுவும் தர வேண்டாம்."

இங்கே எதிர்வீட்டுப் பெண் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். கவனிக்க வேண்டிய இடம் இது. யு.பி.ஐ. மூலமோ கார்டு மூலமோ கட்டிய பணம் வழக்கமாக வந்த வழியே திரும்பிப் போகும். அதற்கு நம் பின் எதற்கு, கார்டின் பின்புறம் இருக்கும் மூன்று இலக்க எண் எதற்கு? பொருள் வரும்போது ரொக்கமாகக் கொடுத்திருந்தால் மட்டும் பணம் போட ஒரு வங்கிக் கணக்கு தேவைப்படும். அப்போதும் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு இவை போதும். அவற்றையும் ஆர்டர் போட்ட ஆப்பில் நாமே பதிந்துவிடுவது நல்லது.

"வேற கிரைண்டரே கொடுங்கம்மா" என்றேன்.

"பதிஞ்சாச்சு. உங்க மகளோட நம்பருக்கு ஒரு செய்தி போகும், அவங்க சம்மதம் கொடுத்தா போதும். இன்னிக்குத் தேதியிலே புகார் பதிவாயிருக்கு, அதனால ஏழு நாள் கெடுவைப் பத்திக் கவலை வேண்டாம். புகார் எண்ணை எழுதிக்குங்கம்மா."

பால் கணக்கு நோட்டிலேயே எழுதிக்கொண்டேன். சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். செய்தி வந்ததாம், சம்மதம் கொடுத்துவிட்டாளாம். நான்காம் நாள் புதுக் கிரைண்டர் வந்து, பழையதை எடுத்துப் போனார்கள். எடுக்க வந்த பையன் ஓ.டி.பி. கேட்டான். நான் தர மறுத்து வாசலில் நின்றேன்! பிறகு மகளைக் கேட்டதில், அது பொருளை ஒப்படைத்ததற்கான எண் என்றாள். ஓ.டி.பி. என்றாலே பயப்பட வேண்டியதில்லை. அது வரும் செய்தியைக் கடைசிவரை படியுங்கள். பொருள் ஒப்படைக்க என்று இருந்தால், பொருள் கைமாறும்போது வாசலில் நிற்பவரிடம் சொல்லலாம். ரூபாய்த் தொகையோ வங்கியின் பெயரோ இருந்தால் எவரிடமும் சொல்லக்கூடாது.

நம்பர் இல்லாவிட்டால் எதைச் சொல்வது?

அன்று மாலை காப்பி குடித்துக்கொண்டே எதிர்வீட்டுப் பெண்ணிடம் விவரமாகக் கேட்டேன். "பேரைச் சொன்னா தேட முடியாதாம்மா?" என்றேன்.

சிரித்தாள். "லட்சுமின்னு போட்டா எத்தனை ஆயிரம் லட்சுமி வருவாங்க ஆன்ட்டி? பேர் கடைசியிலே சரிபார்க்கத்தான். தேட உதவாது."

ஆகவே, போன் செய்வதற்கு முன் முதலில் அவரவர் போனிலேயே தேடிப் பார்க்கலாம். குறுஞ்செய்திப் பெட்டியில் கடையின் பெயரைத் தட்டினால், ஆர்டர் போட்ட அன்று வந்த செய்தி பெரும்பாலும் கிடைத்துவிடும். அழித்திருந்தால் மின்னஞ்சலில் பாருங்கள். ஆர்டர் போட்ட ஆப்பைத் திறந்தால் 'என் ஆர்டர்கள்' என்ற பகுதியில் பழைய ஆர்டர்கள் வரிசையாக இருக்கும்.

அதுவும் இல்லையென்றால், ஆர்டர் போட்டவரின் மொபைல் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டி மேல் உள்ள கூரியர் எண். கட்டியது யு.பி.ஐ. மூலம் என்றால், பணம் அனுப்பிய ஆப்பில் அந்தச் செலவைத் தொட்டுப் பார்த்தால் 12 இலக்க எண் ஒன்று தெரியும். பணம் போனதற்கு அதுவே அடையாளம். அதோடு தேதியையும் தொகையையும் சொன்னால், நல்ல ஏஜெண்ட் எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள். இவை எதுவுமே ரகசியம் அல்ல, சொல்லலாம். பின், வங்கி ஓ.டி.பி., கார்டின் மூன்று இலக்க எண் – இவை ரகசியம். ஆர்டரைத் தேட இவை எதற்கும் உதவாது.

பெட்டியை எறியும் முன் இன்னொன்று. அந்தக் காகிதத்தில் நம் பெயர், முகவரி, சில சமயம் போன் நம்பர்கூட இருக்கும். திருப்பும் கெடு முடியும் வரை பத்திரமாக வைத்திருந்து, பிறகு கிழித்துப் போடுங்கள். குப்பையில் கிடைத்த காகிதத்தை வைத்து, "மேடம், உங்க கிரைண்டர் ஆர்டர் விஷயமா பேசறோம்" என்று ஒருவன் நம்மையே கூப்பிட முடியும். அப்போது அவனிடம் ஆர்டர் நம்பரும் இருக்கும்! ஆகவே தானாக வரும் அழைப்பில் நம்பர் சரியாக இருந்தாலும் நம்பிவிட வேண்டாம். வைத்துவிட்டு, பில்லில் இருக்கும் எண்ணுக்கு நாமே கூப்பிடுவதுதான் பத்திரம்.

ஒருவேளை ஏமாந்துவிட்டால்?

என்னைப் போல் எல்லோருக்கும் கறிவேப்பிலை நேரத்துக்கு ஆள் வந்து நிற்காதே! பணம் போய்விட்டதென்றால், வீட்டில் திட்டுவார்களே என்று மறைத்து வைக்காதீர்கள். அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சைபர் மோசடியில் பணம் இழந்தவர்களுக்காகவே இந்திய அரசு வைத்திருக்கும் எண் அது. cybercrime.gov.in என்ற இணையதளத்திலும் பதியலாம். வங்கிக்கும் உடனே சொல்லி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். திருடிய பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி எடுத்துவிடுவார்கள். எடுப்பதற்குள் சொன்னால் நடுவழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ஒரு நாள் கழித்துச் சொன்னால் அந்த வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும்.

மோசடி இல்லை, நிஜமான கம்பெனிதான், ஆனால் பதிலே சொல்லாமல் இழுத்தடிக்கிறது என்றால் வழி வேறு. 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இப்படி விற்கும் கம்பெனிக்குக் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். அங்கேயும் முதலில் கேட்பது என்ன என்று நினைக்கிறீர்கள்? என்றைக்கு, எந்த எண்ணில் புகார் கொடுத்தீர்கள் என்பதுதான். புகார் எண்ணை எழுதி வைத்தவர்களுக்கு அங்கே வேலை சுலபம்.

இப்போது எங்கள் வீட்டுப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்: தேதி, பொருள், கடை, ஆர்டர் நம்பர், யார் போனில் போட்டது, எவ்வளவு, கெடு நாள். ஏழு கட்டம்தான். மகளின் மொபைல் நம்பரைப் பக்கத்தின் தலையிலேயே பெரிசாக எழுதியாகிவிட்டது. புதுக் கிரைண்டரில் அரைத்த மாவில் முதல் ஈடு இட்லியை எதிர்வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்பினேன். கூடவே ஒரு கொத்துக் கறிவேப்பிலையும்.